கன்னத்தில் குழி இல்லாத பெண்



போன மாதம் ஒரு சனிக்கிழமை, பக்கம் முடிக்கிற அவசரத்தில் இருந்தபோது ஒரு தம்பி அலுவலகத்துக்கு வந்தார். கோட்டூர்புரத்துக்காரர். வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் கீழ்த்தளத்து வீடு. திருவான்மியூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. பையிலிருந்து நாலாக மடித்த தாள்களை எடுத்து நீட்டினார். கவிதை. பிரசுரத்துக்கு என்று நினைத்து, “வச்சுட்டுப் போங்க தம்பி, பார்த்துட்டுச் சொல்றோம்” என்றேன். அவர் நகரவில்லை.

“போடறதுக்கு இல்ல சார். குடுக்கறதுக்கு.”

விஷயம் இதுதான். மந்தைவெளியில் இருக்கும் ஒரு பெண்ணும் இவரும் மூன்று வருஷமாகப் பழகுகிறார்கள். அந்தப் பெண் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறார். பறக்கும் ரயிலில் வந்து இறங்கி, அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களை எடுத்துப்போய்ப் படிக்கும் பகுதியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். 2010 செப்டம்பரில் அந்த ஒன்பது மாடி நூலகத்தைத் திறந்தபோது அதில் எத்தனை காதல்கள் வளரும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். தம்பிக்கு இப்போது கல்யாணம் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் உளறிவிடுவார். அதனால் கவிதை.

படித்தேன். இரண்டே முக்கால் பக்கம். நிலா இருந்தது, தேவதை இருந்தாள், சிறகு இருந்தது. விழி என்று ஒரு வரி முடிந்தால் அடுத்தது மொழி என்று முடிந்தது, பிறகு வழி, பிறகு கன்னக்குழி. கடைசிப் பத்தியில் நீ மறுத்தால் என் மூச்சு அன்றோடு நிற்கும் என்கிற பொருளில் நாலு வரி.

“அவங்களுக்குக் கன்னத்துல குழி விழுமா?” என்று கேட்டேன்.

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தார். “இல்ல சார். வழிக்கு அப்புறம் வேற வார்த்தை வரல.”

இல்லாத குழியை ஒரு பெண்ணின் கன்னத்தில் தோண்டிவைக்கிற வேலையை இந்த இயைபு செய்துவிடுகிறது. வரிக்கடைசியில் ஓசை பொருந்தியே தீர வேண்டும் என்று சினிமாப் பாட்டு நம் காதில் ஏற்றிவைத்திருக்கிறது. மெட்டுக்கு அது உதவும். தாளில் எழுதி ஒருத்தரிடம் நேரில் கொடுப்பதற்கு அது தேவையில்லை. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி, யாப்பு இல்லாத கவிதைக்கு இடம் கொடுத்துச் சண்டையெல்லாம் போட்டு முடித்து இத்தனை காலம் ஆகிறது. கோட்டூர்புரத்துத் தம்பி ஏன் இன்னும் குழிக்குள் விழ வேண்டும்?

எங்கள் அலுவலகத்தில் புரூஃப் பார்க்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். எதையும் இரண்டாவது தடவை சொல்ல மாட்டார். தாள்களை அவரிடம் தள்ளினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, கடைசிப் பத்தியில் விரலை வைத்தார். “என் கையில இதக் குடுத்தா எனக்குப் பயமா இருக்கும். சரின்னு சொன்னாலும் பயத்துல சொன்னதா ஆயிடும்.”

தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. பாவம், அவர் மிரட்ட நினைக்கவில்லை. உருக்கமாக இருக்கட்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த அம்மா சொன்னதில் ஒரு பழைய சங்கதி இருக்கிறது. மடலேறுவது என்று சங்கப் பாட்டுகளில் வரும். காதல் கைகூடாத இளைஞன் பனைமட்டையில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணின் உருவம் எழுதிய துணியைக் கையில் பிடித்து, ஊர்த்தெருவில் ஏறிவருவான். பனைமட்டையின் கருக்கு எப்படி அறுக்கும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். உடம்பு கிழியும், ஊர் கூடும், இன்னாள்தான் காரணம் என்று எல்லாருக்கும் தெரிந்துபோகும். பெண் வீட்டார் வேறு வழியில்லாமல் இறங்கிவருவார்கள். குறுந்தொகையிலேயே இந்தப் பேச்சு பல பாட்டுகளில் உண்டு. பெரும்பாலும் ‘ஏறிவிடுவேன்’ என்று சொல்வதோடு நிற்கும். சொன்னாலே போதும், காரியம் நடந்துவிடும். இன்றைக்கு நடு மாலில், இருநூறு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்க, முட்டிபோட்டு மோதிரம் நீட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பனைமட்டைதான் ஞாபகம் வருகிறது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பெண் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று சொல்ல முடியுமா?

அதே குறுந்தொகையில் இதற்கு நேர் எதிரான பாட்டும் இருக்கிறது. நாற்பதாம் பாட்டு. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்துப் பார்த்திருப்பீர்கள், சினிமாப் பாட்டுக்குள்ளும் கேட்டிருப்பீர்கள். ஏ.கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது லண்டன் சுரங்க ரயில் பெட்டிகளில்கூட ஒட்டப்பட்டது. எழுதியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் செம்மண் மழை உவமையை வைத்தே செம்புலப் பெயனீரார் என்று பெயரிட்டு விட்டார்கள். அடுத்த பாட்டைப் பாடியவருக்கும் அதே கதிதான். முற்றத்தில் அணில் விளையாடுவதாகச் சொன்னதால் அவர் அணிலாடு முன்றிலார்.

நாற்பதாம் பாட்டு மொத்தம் ஐந்தே அடி. நிலவு கிடையாது. காதலியின் கண்ணைப் பற்றி, கூந்தலைப் பற்றி ஒரு சொல் கிடையாது. முதலில் மூன்று கேள்விகள்: நம் தாய்மார் யாருக்கு யார், நம் தந்தையர் எந்த வழியில் உறவு, நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அறிந்தது எப்படி. பிறகு ஒரே ஓர் உவமை. அதோடு முடிந்தது.

காதலன் அதை ஏன் அப்படிச் சொன்னான் என்பதைப் பாட்டின் கீழே இருக்கும் பழைய குறிப்பு சொல்கிறது. இந்தக் குறிப்புகள் பிற்பாடு சேர்க்கப்பட்டவை என்பார்கள், இருக்கட்டும். கூடிக் கலந்த பிறகு, இவன் நம்மை விட்டுப் போய்விடுவானோ என்று அவள் மனதுக்குள் அஞ்சுகிறாள். வாய்விட்டுக் கேட்கவில்லை. அவள் குறிப்பைப் புரிந்துகொண்டு அவன் சொன்ன பதில்தான் பாட்டு. உ.வே.சா. 1937-ல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பை எடுத்துத் தம்பியிடம் காட்டினேன். பாட்டை அவர் மனப்பாடமாகச் சொன்னார். குறிப்பை அன்றுதான் முதல்முறையாகப் படித்தார்.

“அவங்களுக்கு எதுல பயம்?” என்று கேட்டேன்.

“யாருக்கு சார்?”

“மந்தைவெளிப் பொண்ணுக்கு.”

இதற்கு மட்டும் அவர் யோசிக்கவே இல்லை. “படிப்பு நின்னுடும்னு சார். ரெண்டு தடவ எழுதிட்டா, கெடைக்கல. அவ அக்காவும் இப்படித்தான் படிச்சிட்டிருந்தாங்க, கல்யாணத்துக்கு அப்புறம் புக்கையெல்லாம் எடைக்குப் போட்டுட்டாங்களாம். கல்யாணம்னு யாராவது பேச்செடுத்தாலே படிச்சிட்டிருக்கிற புக்க மூடி மடியில வச்சுக்குவா.”

புரூஃப் அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தார். இரண்டே முக்கால் பக்கத்தில் இது எங்கேயும் இல்லை. அந்தத் தாள்களில் ‘நான்’ என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே வந்தேன். பத்தொன்பது. ‘நீ’ இருந்ததெல்லாம் நிலவோடும் மலரோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. பெயரை மாற்றினால் அந்தக் கவிதையைத் தாம்பரத்தில் இருக்கிற இன்னொரு தம்பி இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்துவிடலாம். யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது.

அன்றைக்குப் பக்கம் முடிக்கவில்லை. டீ சொன்னோம். புது வெள்ளைத்தாளில், கவிதை எதுவும் வேண்டாம், உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்ததை வரிசையாக எழுதுங்கள் என்றேன். முதல் நாலைந்து எல்லாருக்கும் பொதுவானவையாகவே வந்தன: அவள் சிரிப்பு, அவள் பொறுமை. ஏழாவதோ எட்டாவதோ ஒன்று வந்தது. அவளுடைய முதல் ஹால் டிக்கெட்டை இவர்தான் கடையில் பிரின்ட் எடுத்துக்கொடுத்தார். கூடவே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார். அது இன்னும் வீட்டில் இருக்கிறது.

“வீட்டில் எங்கே?”

“கோட்டுக்கு மேல சார்.”

என்ன கோடு? 2015 டிசம்பர் வெள்ளம். அடையாறு பொங்கி ஆற்றங்கரை வீடுகளுக்குள் புகுந்தது ஊருக்கே தெரியும். தம்பி வீட்டில் தண்ணீர் வடிந்த பிறகு, நின்ற உயரத்தில் அவருடைய அப்பா சுவரில் பென்சிலால் கோடு போட்டாராம். பிறகு இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் அந்தக் கோட்டைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். போனால் திரும்பக் கிடைக்காத எதையும் அந்த வீட்டில் கோட்டுக்குக் கீழே வைப்பதில்லை. ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மேல் தட்டில் வைப்பார்கள். ரேஷன் கார்டு, அப்பாவின் பழைய கைக்கடிகாரம், மார்க் ஷீட். அந்த டின்னில்தான் ஹால் டிக்கெட் ஜெராக்ஸும் இருக்கிறது.

இதைவிடப் பெரிய உவமை வேறு எங்கே கிடைக்கும்? செம்மண்ணில் விழுந்த மழை அந்தப் புலவருக்கு அவர் ஊரில் கிடைத்தது. கோட்டூர்புரத்துக்கு ஆற்றுத் தண்ணீரும் பென்சில் கோடும் கிடைத்திருக்கிறது. தம்பிதான் அதைச் சாதாரண விஷயம் என்று நினைத்து விட்டுவிட்டார். “இதெல்லாம் கவிதையில வருமா சார்? ரேஷன் கார்டெல்லாம்?” என்று நிஜமாகவே சந்தேகப்பட்டார்.

அடுத்த தகராறு மொழி. நேரில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். இவர் ‘ஏய்’ என்பாராம், அவர் ‘யோவ்’ என்பாராம். இப்படிப் பேசுகிற இரண்டு பேருக்கு நடுவில் திடீரென்று ‘அன்பே, ஆருயிரே’ என்று ஒரு தாள் வந்தால், ‘யோவ், எங்கேருந்து காப்பியடிச்ச?’ என்றுதான் கேட்பார். அதற்காக முழுக்கப் பேச்சு நடையில் எழுதினால் வாட்ஸ்அப் மாதிரி ஆகிவிடும் என்று தம்பி பயந்தார். அதுவும் நியாயம்தான். எழுத்து நடையை வைத்துக்கொண்டு, வீட்டில் வேறு மாதிரி சொல்லவே முடியாத சொற்களை மட்டும் அப்படியே விட்டோம். ‘எங்க வீடு’ எங்க வீடாகவே இருக்கிறது. ‘எங்கள் இல்லம்’ என்று எழுதினால் சுவரில் இருக்கிற ஈரம் போய்விடும்.

‘எங்க’ என்றதும்தான் எனக்கு ஒன்று தோன்றியது. தமிழில் கேட்பவரைச் சேர்த்துச் சொன்னால் ‘நாம்’, விட்டுச் சொன்னால் ‘நாங்கள்’. ‘எங்க வீடு’ என்றால் நீ அதில் இல்லை. ‘நம்ம வீடு’ என்றால் இருக்கிறாய். இந்த ஒரு சொல் தூரத்தைக் கடக்கத்தானே இத்தனை பாடு! எங்க வீட்டில் ஆரம்பித்து நம்ம வீட்டில் முடியுங்கள் என்றேன். தம்பிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதோடு கவிதையை முடித்துவிடலாம், கல்யாணம் என்ற சொல்லே வேண்டாம், அவளுக்குப் புரிந்துவிடும் என்றார்.

புரூஃப் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “கேக்கறதுன்னா கேளுங்க. புரிஞ்சுக்கோன்னு விட்டா, புரியாத மாதிரி இருந்தா என்ன பண்ணுவீங்க?” கேட்கும் வாக்கியத்தையும் அவரே திருத்தினார். முதல் தாளில் ‘என்னை மணப்பாயா’ என்று இருந்தது. அதில் வேலையெல்லாம் அவளுக்கு, பலன் இவருக்கு. ‘பண்ணிக்கலாமா’ என்றால் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற காரியம். ஒரு விசேஷமும் இல்லாமல், காய்கறி வாங்கப் போகலாமா என்பது போல இருக்கிறதே என்று நான் இழுத்தேன். “அப்படித்தான் இருக்கணும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

தம்பி மூன்று முறை எழுதினார். நானும் கை வைத்தேன், ஆனால் வெட்டியதுதான் அதிகம். ‘அழகான’, ‘இனிய’, ‘ஆழமான’ எல்லாம் போயின. அவர் நின்றுகொண்டு வாய்விட்டுப் படித்தார். மூச்சு முட்டிய இடத்தில் வரியை உடைத்தோம். படித்துக் கூச்சப்பட்ட இடத்தில் ஒரு பத்தியே போயிற்று. அவர் சம்மதத்தோடு அது கீழே:

*

எங்க வீட்டுச் சுவரில் ஒரு பென்சில் கோடு.
2015 டிசம்பரில்
ஆறு வந்து நின்ற உயரம்.

போனால் திரும்பக் கிடைக்காததை எல்லாம்
அதற்கு மேலேதான் வைப்போம்.
ரேஷன் கார்டு.
அப்பாவின் கைக்கடிகாரம்.
மார்க் ஷீட்.
உன் முதல் ஹால் டிக்கெட்டின் ஜெராக்ஸ்.

அந்தப் பரீட்சை கிடைக்கவில்லை.
அடுத்ததும் கிடைக்கவில்லை.
கல்யாணம் என்று யாராவது பேசினால்
புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொள்கிறாய்.
மூட வேண்டாம்.

இன்னொரு பரீட்சை வரட்டும்.
அதற்கு அடுத்ததும் வரட்டும்.
டிபன் பாக்ஸை நான் கட்டுகிறேன்.
நூலக வாசலில் விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்கிறேன்.
சாயங்காலம் எத்தனை மணி ஆனாலும்
அதே வாசலில் நிற்கிறேன்.

வீடு சின்னது. கீழ்த்தளம்.
மழை வந்தால் ராத்திரியில் எழுந்து
ஆற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.
இதையும் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

எங்க வீடு என்று ஆரம்பித்தேன்.
நம்ம வீடு என்று முடிக்க ஆசை.
கல்யாணம் பண்ணிக்கலாமா?

இன்றைக்கே பதில் வேண்டாம்.

*

பத்தொன்பது ‘நான்’ போய் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. தமிழில் வினைச்சொல்லின் வாலிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் மற்ற இடங்களில் அது தேவைப்படவில்லை. டிபன் பாக்ஸ் வரியில் மட்டும் விட்டுவைத்தோம். அம்மா இல்லை, நீ இல்லை, நான் கட்டுகிறேன் என்று அங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வீடு சின்னது என்கிற பத்தியை எடுத்துவிடலாம் என்று கவிதை தெரிந்த நண்பர் ஒருவர் சொன்னார், ஓட்டம் தடைப்படுகிறதாம். தடைப்படட்டும். கேட்பதற்கு முன்னால் குறையைச் சொல்லிவிடுவது தம்பி தானாக எழுதியது. அதில் நான் கை வைக்கவில்லை. கடைசி வரியும் அவருடையதுதான். ‘மூச்சு நிற்கும்’ என்று இருந்த இடத்துக்கு அது வந்து உட்கார்ந்தபோது, புரூஃப் அம்மா பக்கத்து மேஜையிலிருந்து ‘ம்’ என்றார்.

எங்கே கொடுப்பது என்று அடுத்த யோசனை. நூலகத்துக்குள் வேண்டாம், அங்கே அந்தப் பெண் படிக்கிற நாற்காலிக்குத் தினமும் திரும்பிப் போக வேண்டும். ஒருவேளை பதில் வேறு மாதிரி இருந்தால் அந்த இடம் கெட்டுப்போகும். நண்பர்கள் யாரும் கூட வேண்டாம். படம் எடுக்க வேண்டாம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ‘நிழல்’ அமைப்பினர் மரங்களை வளர்த்துப் பராமரிக்கும் பூங்கா இருக்கிறது. காலை நேரம், நடக்கிற பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். கையால் எழுதிய தாளை அங்கே கொடுத்திருக்கிறார். வாசித்துக் காட்டவில்லை. நம் எதிரில் ஒருத்தர் உருகிப் படிக்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்பவருக்குத் தெரியாது. தாள் என்றால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அந்தப் பெண் இரண்டு தடவை படித்தாராம். பிறகு பையிலிருந்து பென்சிலை எடுத்தார். தம்பிக்கு உயிர் போய்விட்டது. ‘டிபன் பாக்ஸை நான் கட்டுகிறேன்’ என்பதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, “யோவ், உனக்கு என்ன சமைக்கத் தெரியும்?” என்று கேட்டிருக்கிறார்.

“லெமன் சாதம்.”

“வாரம் பூரா லெமன் சாதமா?”

பிறகு தாளை மடித்து, ஹால் டிக்கெட் வைக்கிற பிளாஸ்டிக் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு, பரீட்சை முடியட்டும், எங்கம்மாகிட்ட நானே பேசுறேன் என்று சொல்லிவிட்டு நூலகத்துக்கு நடந்துவிட்டார்.

தம்பி நேற்று அலுவலகத்துக்கு போன் செய்தார். என்னைத்தான் தேடுகிறார் என்று நினைத்து ரிசீவரை வாங்கப் போனேன். சாம்பாருக்குப் பருப்பு எத்தனை விசில் என்று கேட்க, புரூஃப் அம்மாவைக் கூப்பிடச் சொன்னார்.

அன்புடன்,
ஆசிரியர்